மார்பிள், கிரானைட் தரையும் மேடையும்: அமிலம் படாமல் துடைப்பது பற்றி அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பர்கூரிலிருந்து குப்பம் வரை வீடு வீடாகக் கல் பாலிஷ் போடும் வேலை என்னுடையது. இந்தப் பக்கம் கிரானைட் உள்ளூர்ச் சரக்கு, மார்பிள் ராஜஸ்தானிலிருந்து லாரியில் வருவது, அலமாரிப் பலகைக்குக் கடப்பா கல். ஒரே வீட்டில் மூன்றும் இருக்கும், மூன்றையும் ஒரே பாட்டிலால் துடைப்பார்கள். அதில் வரும் சந்தேகங்களைக் கேட்டவர்கள் கேட்டபடியே எழுதி வைத்திருக்கிறேன்.

எங்க வீட்ல இருக்கறது மார்பிளா கிரானைட்டானே தெரியல. எப்படிக் கண்டுபிடிக்கறது?

கண்ணுக்குத் தெரியாத ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். கதவுக்குப் பின்னால், அடுப்பு மேடையின் அடிப்பக்க ஓரம், இப்படி ஏதாவது. அங்கே சமையல் கத்தியின் முனையால் லேசாக ஒரு கோடு இழுங்கள். கல்லில் கீறல் விழுந்து மாவு மாதிரி வெள்ளைத் தூள் வந்தால் அது மார்பிள், அல்லது கடப்பா, கோட்டா போன்ற சுண்ணாம்புக் கல். கிரானைட்டில் கத்திதான் தேயும். சாம்பல் நிறத்தில் ஒரு இரும்புக் கோடு விழும், விரலால் தேய்த்தால் அதுவும் போய்விடும்.

இன்னும் சந்தேகம் இருந்தால் அதே மறைவான இடத்தில் ஒரு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டு ஐந்து நிமிடம் கழித்துத் துடையுங்கள். வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தால் மார்பிளில் அந்தச் சொட்டின் அளவுக்கு மங்கல் தெரியும். கிரானைட்டில் ஒன்றும் தெரியாது. நடு ஹாலில் மட்டும் இந்தச் சோதனையைச் செய்துவிடாதீர்கள். செய்துவிட்டு என்னைக் கூப்பிட்டவர்களும் இருக்கிறார்கள்.

எலுமிச்சம்பழம் பட்டா கல்லுக்கு என்னதான் ஆகும்? கறைதானே, தேய்ச்சா போயிடாதா?

கறை இல்லை என்பதுதான் விஷயமே. மார்பிளும் சுண்ணாம்புக் கல்லும் ஒரே குடும்பம், இரண்டும் கால்சியம் கார்பனேட். முட்டை ஓடும் அதுதான். முட்டையை வினிகரில் போட்டால் ஓட்டிலிருந்து நுரை நுரையாகக் கிளம்பி ஓடு கரைவதைப் பார்த்திருப்பீர்கள். எலுமிச்சை, புளி, தயிர், தக்காளி, வினிகர், கோலா, கக்கூஸ் கழுவும் ஆசிட் எது பட்டாலும் மார்பிளின் மேல்தோலில் நடப்பது அதேதான். கல்லின் ஒரு மெல்லிய படலம் கரைந்து தண்ணீரோடு போய்விடுகிறது.

பாலிஷ் என்பது மார்பிளுக்கு மேலே பூசிய வார்னிஷ் இல்லை. கல்லையே தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடி மாதிரி மழமழப்பாக்கியிருக்கிறோம். அமிலம் அந்த மழமழப்பைச் சொரசொரப்பாக்கிவிடும். வெளிச்சம் நேராகத் திரும்பாமல் சிதறுவதால் அந்த இடம் வெளிறிப்போன திட்டாகத் தெரிகிறது. அங்கே அழுக்கு எதுவும் ஒட்டியிருக்கவில்லை, இருந்த கல்தான் போயிருக்கிறது. பிறகு எதைப் போட்டுத் தேய்த்து என்ன எடுக்க முடியும்?

அப்ப தினமும் எதைப் போட்டுத்தான் துடைக்கறது?

முதலில் பெருக்குவது. சலித்துக்கொள்ளாதீர்கள், மார்பிள் தரைக்கு இதுதான் பாதி வேலை. வாசலிலிருந்து காலோடு வரும் மணல் மார்பிளைவிட ரொம்பக் கடினம். மணலோடு மாப் போட்டால் அது உப்புக் காகிதம் போட்டுத் தேய்ப்பது மாதிரி. மென்மையான துடைப்பத்தாலோ காய்ந்த மைக்ரோஃபைபர் மாப்பாலோ முதலில் தூசியை எடுத்துவிடுங்கள்.

அடுத்து ஒரு பக்கெட், அதாவது சுமார் 10 லிட்டர் தண்ணீரில், பாத்திரம் கழுவும் லிக்விட் ஒரு டீஸ்பூன். நுரை பொங்க வேண்டிய அவசியமில்லை. அதிகம் ஊற்றினால் சோப்பு படலமாகக் காய்ந்து தரையே மங்கலாகத் தெரியும். அதைப் பார்த்துவிட்டு இன்னும் கொஞ்சம் ஊற்றுவார்கள். மாப்பை நன்றாகப் பிழிந்து துடைத்து, வெறும் தண்ணீரில் ஒரு தடவை துடைத்து, கடைசியாக உலர்ந்த துணியால் ஈரத்தை எடுத்துவிட வேண்டும். உலர்த்துவது ஏன் என்று உப்புத் தண்ணீர்க் கேள்வியில் சொல்கிறேன். கிரானைட் மேடைக்கும் இதே கலவை போதும்.

வெள்ளை பினாயில் அமிலம் இல்லை, மூடி அளவு சேர்ப்பதில் ஆபத்து கிடையாது. கறுப்பு பினாயிலை வெள்ளை மார்பிளில் நான் விடச் சொல்வதில்லை. அது கல்லை அரிக்காது, ஆனால் மாப் சரியாகப் பிழியாத இடத்தில் பழுப்பாக இறங்கும். பாத்திரம் தேய்க்கும் பவுடரும் பச்சை நார் ஸ்கிரப்பரும் மார்பிள் பக்கமே வரக்கூடாது. அவை அரிப்பதில்லை, கீறும்.

பாத்திரம் கழுவற லிக்விட்லயே எலுமிச்சம்பழம் படம் போட்டிருக்கு. அதுவும் அமிலம் இல்லையா அண்ணா?

நல்ல கேள்வி, பாட்டிலைப் படிப்பவர்கள்தான் இதைக் கேட்பார்கள். படத்தில் இருக்கும் பழம் பெரும்பாலும் வாசனைக்குத்தான். கை வைத்துக் கழுவும் லிக்விடுகள் பொதுவாக நடுநிலையை ஒட்டியே இருக்கும். ஆனால் எல்லாக் கம்பெனிக்கும் நான் ஜாமீன் கொடுக்க முடியாது. ஆய்வகச் சாமான் விற்கும் கடையில் அமிலமா இல்லையா என்று காட்டும் பி.ஹெச். காகிதம் சிறு புத்தகமாகக் கிடைக்கும். நீங்கள் கலந்து வைத்த பக்கெட் தண்ணீரில் ஒரு துண்டை நனைத்து, அட்டையில் இருக்கும் நிறத்தோடு ஒப்பிடுங்கள். 7-க்குப் பக்கத்தில் இருந்தால் நிம்மதி, 8 காட்டினாலும் பரவாயில்லை. 6-க்குக் கீழே இறங்கினால் மார்பிளுக்கு வேண்டாம். எலுமிச்சைச் சாறு 2-க்கும் 3-க்கும் நடுவில் நிற்கும், ஒரு தடவை நனைத்துப் பார்த்தால் வித்தியாசம் புரியும்.

தரை துடைக்கும் லிக்விடில் படத்தை விட்டுவிட்டு, பின்பக்கப் பொடி எழுத்தைப் பாருங்கள். சிட்ரிக் ஆசிட், ஹைட்ரோகுளோரிக் ஆசிட், பாஸ்பாரிக் ஆசிட், சல்பாமிக் ஆசிட் என்று எது இருந்தாலும் மார்பிளுக்கு ஆகாது. ‘உப்புக்கறை நீக்கும்’ என்று எழுதியிருந்தால் உள்ளே அமிலம் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

வாசப்படியில ரெண்டு பக்கமும் வட்டமா வெள்ளையா இருக்கு. எவ்வளவு தேய்ச்சும் போகல.

வெள்ளிக்கிழமை எலுமிச்சம்பழத்தை இரண்டாக அறுத்து, குங்குமம் தடவி, நிலைவாசலில் இந்தப் பக்கம் ஒன்று அந்தப் பக்கம் ஒன்று வைக்கிறீர்களா? அதுதான். அறுத்த முகம் மேலே பார்த்தாலும் சாறு அடியில் இறங்கி, அடுத்த வெள்ளிவரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். போன ஆடியில் ஒரு வீட்டில் பார்த்தேன். ஒரு ரூபாய் நாணயத்தைவிடக் கொஞ்சம் பெரிதாக, காம்பஸ் வைத்து வரைந்த மாதிரி இரண்டு வட்டம். உள்ளே குங்குமச் சிவப்பு வேறு லேசாக இறங்கியிருந்தது. ஒவ்வொரு வாரமும் அதே இடத்தில் வைத்ததில், விரல் ஓட்டினால் பள்ளமே தட்டுப்பட்டது.

வழக்கத்தை விடச் சொல்லவில்லை. ஒரு சின்ன பித்தளைத் தட்டிலோ வாழையிலைத் துண்டுக்கு அடியில் ஒரு கிண்ண மூடி வைத்தோ வையுங்கள். இலை மட்டும் போதாது, சாறு ஓரமாக வழியும். புது வீடு கட்டுகிறவர்களாக இருந்தால் நிலைப்படிக்கு மட்டுமாவது கிரானைட் போட்டுவிடுங்கள்.

பூஜை அறைக்கும் இதேதான். புளி போட்டுக் குத்துவிளக்கு தேய்ப்பதை மார்பிள் தரையில் உட்கார்ந்து செய்யாதீர்கள். விளக்கை வெளியே கழுவி, அடிப்பாகம் வரை துடைத்து உள்ளே கொண்டுவாருங்கள். ஈரத்தோடு வைத்தால் விளக்கின் அடிவட்டம் அப்படியே தரையில் பதியும். சிலைக்குத் தயிர் அபிஷேகம் செய்வதானால் அடியில் அகலமான தாம்பாளம் வேண்டும்.

மோர் சிந்திடுச்சு, ரசம் கொட்டிடுச்சுன்னா உடனே என்ன பண்ணணும்?

தேய்க்காதீர்கள், ஒற்றி எடுங்கள். தேய்த்தால் உள்ளங்கை அளவு பட்டது ஒரு முழத்துக்குப் பரவும். ஒற்றி எடுத்ததும் நிறையத் தண்ணீர் விட்டுத் துடைத்து, அந்த இடத்தில் ஆப்ப சோடாவைத் தூவி மேலே கொஞ்சம் தண்ணீர் தெளியுங்கள். மிச்ச அமிலம் இருந்தால் மெல்லக் குமிழ் வரும். குமிழ் நின்றதும் வழித்து எடுத்துவிட்டுத் தண்ணீரில் துடைத்துக் காயவையுங்கள்.

எத்தனை நேரத்தில் எடுத்தால் தப்பிக்கலாம் என்று கேட்பார்கள். எலுமிச்சைச் சாறு பாலிஷ் மார்பிளில் ஒன்றிரண்டு நிமிடத்திலேயே அடையாளம் போட்டுவிடும். மோர் கொஞ்சம் அவகாசம் கொடுக்கும். கக்கூஸ் ஆசிட் சொட்டினால் அவகாசமே இல்லை, கண்ணெதிரே நுரைக்கும். சோடாவால் மேற்கொண்டு அரிக்காமல் நிறுத்தலாம், அரித்ததைத் திருப்பித் தர அதனால் ஆகாது.

இது கறையா, இல்ல நீங்க சொல்ற அரிப்பா? எனக்கு வித்தியாசமே தெரியல.

ராத்திரி விளக்கை அணைத்துவிட்டு, செல்போன் டார்ச்சைத் தரையோடு தரையாகப் படுக்க வையுங்கள். அரிப்பு என்றால் அந்த இடத்தில் பளபளப்பு அறுந்துபோய்த் தெரியும். கறை என்றால் பளபளப்பு தொடர்ச்சியாக இருக்கும், நிறம் மட்டும் மாறியிருக்கும். கறை பெரும்பாலும் கல்லைவிடக் கறுப்பாக இருக்கும், அரிப்பு பெரும்பாலும் வெளிறியிருக்கும்.

இரண்டும் சேர்ந்தும் வரும். சாம்பார் கொட்டினால் புளி அரிக்கும், மஞ்சளும் எண்ணெயும் உள்ளே இறங்கும். முதலில் கறையை எடுத்துவிட்டுப் பிறகு பளபளப்பைப் பார்க்க வேண்டும். எண்ணெய்க் கறைக்கு ஆப்ப சோடாவில் தண்ணீர் விட்டு டூத்பேஸ்ட் பதத்தில் குழைத்து, கறையின் மேல் கால் அங்குலம் கனமாக அப்பி, பிளாஸ்டிக் தாளால் மூடி ஒரு நாள் விடுங்கள். பிறகு தாளை எடுத்துவிட்டுத் தானாகக் காயவிடுங்கள். காயும்போதுதான் அது எண்ணெயை மேலே இழுக்கும். ஒரு தடவையில் போகாது, இரண்டு மூன்று தடவை ஆகலாம்.

மஞ்சள் கறையில் ஒரு வேடிக்கை உண்டு. சோப்பு போட்டதும் அது சிவப்பாக மாறும், வீட்டில் எல்லோரும் பதறுவார்கள். ஆரத்தித் தண்ணீரில் மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்த்தால் சிவக்கிறதே, அதே சங்கதிதான், கல்லுக்கு ஒன்றும் ஆகவில்லை. மஞ்சள் வெயிலுக்கு நிற்காது. ஜன்னல் வெயில் விழும் இடமாக இருந்தால் துடைத்துவிட்டுச் சில நாள் பொறுத்திருங்கள், அதுவே வெளுக்கும்.

குழாயடியில வெள்ளையா உப்பு படிஞ்சிருக்கு. வினிகர் போட்டா போகும்னு சொல்றாங்களே?

போகும். அடியில் இருப்பது மார்பிள் என்றால் மார்பிளும் சேர்ந்து போகும். நம் பக்கத்து போர் தண்ணீர் காய்ந்தால் விட்டுப்போகும் வெள்ளைப் படிவத்தில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். மேலே இருக்கும் படிவமும் கீழே இருக்கும் கல்லும் ஒரே பொருள். இதைக் கரைத்து அதை விட்டுவிடு என்று வினிகருக்குச் சொல்லிக்கொடுக்க முடியாது.

மார்பிளானால் படிவத்தைத் தண்ணீரில் நன்றாக ஊறவைத்து, பழைய ஏ.டி.எம். கார்டு மாதிரி பிளாஸ்டிக் விளிம்பால் சுரண்டுங்கள். மெல்லிய படிவம் இதில் வந்துவிடும். கெட்டியாகப் பாறை மாதிரி இறுகிவிட்டால் மெஷின்தான். கிரானைட்டானால் சோப்புத் தண்ணீர் விட்டுப் புது பிளேடை ஏறக்குறைய படுக்கவைத்துச் சுரண்டலாம், கல்லுக்கு ஒன்றும் ஆகாது. பிளேடைச் செங்குத்தாக நிறுத்தாதீர்கள், முனையும் குத்தக் கூடாது.

அரிப்பும் உப்புப் படிவமும் பார்வைக்கு ஒன்று போலவே இருக்கும். இரண்டும் வெளிறியிருக்கும், இரண்டும் தண்ணீர் பட்டதும் மறைந்து, காய்ந்ததும் திரும்ப வரும். நகத்தால் தடவிப் பாருங்கள். படிவம் மேலே தூக்கலாக இருக்கும், சுரண்டினால் மாவு வரும். அரிப்பு சமமாகவோ பள்ளமாகவோ இருக்கும், எதுவும் வராது. குழாயடியை ராத்திரி படுக்கப் போகும் முன் உலர்ந்த துணியால் துடைத்துவிட்டால் இந்தத் தொல்லையே இல்லை. துடைத்தபின் உலர்த்தச் சொன்னது இதற்காகத்தான்.

கிரானைட்டுக்குத்தான் ஒண்ணும் ஆகாதுன்னீங்களே, அப்ப அதுக்கு ஆசிட் ஊத்தலாம்தானே?

எலுமிச்சை சிந்தினால் ஒன்றும் ஆகாது என்றுதான் சொன்னேன். கிரானைட்டில் இருப்பது பெரும்பாலும் குவார்ட்ஸும் ஃபெல்ட்ஸ்பாரும், சமையலறை அமிலங்களுக்கு அவை அசையாது. ஆனால் தரையில் கல் மட்டுமா இருக்கிறது? இரண்டு பலகைக்கு நடுவே இருக்கும் இணைப்பு சிமெண்ட். ஆசிட் அதை அரித்துப் பள்ளமாக்கும், பிறகு அந்தக் கோட்டில் அழுக்கு உட்காரும். ஆசிட் புகை பட்டால் சிங்க்கும் குழாயும் கதவுக் கீலும் துருப்பிடிக்கும். வெளிர் நிறக் கிரானைட்டில் இரும்புச் சத்துள்ள துணுக்குகள் இருக்கும். ஆசிட் அவற்றைக் கிளறிவிட்டால் சில நாள் கழித்து மஞ்சள் பழுப்புத் திட்டுகள் கிளம்பும். கழுவிய அன்று பளிச்சென்று இருப்பதால் அந்தப் பழியை யாரும் ஆசிட்டின் மேல் போடுவதில்லை.

ஒரு அமிலம் கிரானைட்டையே தின்னும், ஹைட்ரோஃப்ளூரிக். சில துருநீக்கி மருந்துகளில் அது உண்டு. கல்லைவிட ஆளுக்குத்தான் அது பெரிய ஆபத்து, வீட்டுக்குள் கொண்டுவரவே வேண்டாம். சிலிண்டர் அடியில் துரு வட்டம் விழுந்துவிட்டது என்று கடையில் கேட்டு அதை வாங்கி வருகிறார்கள். அதற்குப் பதில் முதல் நாளே சிலிண்டருக்கு அடியில் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் தட்டு ஒன்றை வாங்கிப் போட்டிருக்கலாம்.

கறுப்பு கிரானைட்னு சொல்லித்தான் போட்டாங்க. ஆனா எலுமிச்சம்பழம் வெச்ச இடத்துல சாம்பல் கலர்ல வட்டம் இருக்கு. எப்படி?

இரண்டில் ஒன்று. முதலாவது, அது கிரானைட்டே இல்லை, கடப்பா. கறுப்பாக, கண்ணுக்கு அழகாக, விலையும் மலிவாக இருக்கும், ஆனால் சுண்ணாம்புக் கல். நெல்லூர், சித்தூர் பக்கமும் நம் பக்கமும் பழைய வீட்டுச் சமையல் மேடைகளில் பாதி கடப்பாதான். வீட்டுக்காரர் கிரானைட் என்றே நினைத்துக்கொண்டிருப்பார். முதல் கேள்வியில் சொன்ன கத்திச் சோதனையைச் செய்து பாருங்கள். ஓரத்தைப் பார்த்தாலும் தெரியும். கடப்பாவின் பக்கவாட்டில் அடுக்கடுக்காக ஏடு மாதிரி கோடு ஓடும், கிரானைட்டில் மணி மணியாக இருக்கும்.

இரண்டாவது, கிரானைட்தான், ஆனால் சாம்பல் நிறக் கல்லுக்குக் கறுப்புச் சாயம் ஏற்றியிருக்கிறார்கள். எலுமிச்சை அந்தச் சாயத்தை வெளுத்திருக்கிறது. நகச்சாயம் துடைக்கும் அசிட்டோனை வெள்ளைத் துணியில் நனைத்து மறைவான இடத்தில் அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். துணி கறுத்தால் சாயம். ஓங்கோல் பக்கத்துச் சீமகுர்த்தியிலிருந்து வரும் பிளாக் கேலக்ஸி மாதிரி இயற்கையிலேயே கறுப்பான கல்லில் துணி வெள்ளையாகவே இருக்கும். கடப்பா என்று தெரிந்தால் மார்பிளுக்குச் சொன்னதெல்லாம் அதற்கும் பொருந்தும். சிலர் வட்டத்தின் மேல் தேங்காயெண்ணெய் தடவி மறைப்பார்கள். இரண்டு நாள் மறையும், பிறகு தூசி ஒட்டிப் பிசுபிசுக்கும்.

கிரகப்பிரவேசத்துக்கு முன்னாடி மேஸ்திரி ஆசிட் வாஷ் பண்ணலாம்னு சொல்றார். விடலாமா?

மார்பிள் இருக்கும் வீட்டில் விடவே கூடாது. எனக்கு வரும் பெரிய வேலைகளில் பாதி இதில்தான் ஆரம்பிக்கிறது. வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். ஹால் பன்னிரண்டுக்குப் பதினெட்டு அடி, வெள்ளை மார்பிள். நான்தான் பாலிஷ் போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு பெயிண்டர் வேலை, சுவிட்ச் போர்டு ஓரங்களில் சிமெண்ட் பூச்சு. விசேஷத்துக்கு மூன்று நாள் இருக்கும்போது தரையில் பெயிண்ட் சொட்டும் சிமெண்ட் பொட்டும் இருப்பதைப் பார்த்து, கழுவ வந்த ஆள் ஆசிட்டைத் தண்ணீரில் கலந்து தென்னந்துடைப்பத்தால் தள்ளிவிட்டார். ஹால் முழுக்க நுரைத்ததாம். அழுக்குதான் நுரைக்கிறது என்று வீட்டுக்காரர் சந்தோஷப்பட்டாராம்.

நான் போய்ப் பார்த்தபோது காயாத பகுதி நன்றாக இருந்தது, காய்ந்த பகுதி சாக்பீஸ் பூசிய கரும்பலகை மாதிரி இருந்தது. துடைப்பம் போன திசை வளைவு வளைவாகத் தெரிந்தது. நிலைப்படி கிரானைட் மட்டும் அப்படியே மின்னியது. முதல் வேலையாக ஆப்ப சோடா கரைத்த தண்ணீர் விட்டு இரண்டு தடவை கழுவச் சொன்னேன், இணைப்புகளில் தங்கிய ஆசிட் ராத்திரி முழுக்க அரித்துக்கொண்டிருக்கும். மறுநாள் மூலையில் ஒரு சதுர அடியில் 400 நம்பர் பேடில் ஆரம்பித்துப் பார்த்தேன். துடைப்பக் கோடு போகவில்லை. அதைவிடச் சொரசொரப்பான 220-க்கு இறங்க வேண்டியிருந்தது. அதில் கோடு போனபின் 400, 800, 1500, 3000 என்று ஏறி, கடைசியில் பவுடர். ஒவ்வொரு நம்பருக்கும் நடுவில் சேற்றை முழுக்க வழித்துக் கழுவ வேண்டும், 220-இன் ஒரு துகள் 1500-இல் மாட்டினாலும் கீறல் விழும். இரண்டு பேர், இரண்டு முழு நாள். மூன்றாம் நாள் விடியற்காலை மாடு உள்ளே வந்தது.

அந்த மனிதர் என்ன செய்திருக்க வேண்டும்? பெயிண்ட் சொட்டுக்கு ஈரத்துணி போட்டு ஊறவைத்துப் பிளாஸ்டிக் ஸ்கிரேப்பர். சிமெண்ட் பொட்டுக்கு ஈரச்சாக்கு ஒரு ராத்திரி, காலையில் மரத்துண்டின் விளிம்பால் தள்ளினால் பெரும்பாலும் எழும்பிவிடும். எழும்பாத ஐந்தாறு இடத்தை எனக்கு விட்டிருந்தால் ஒரு மணி நேர வேலை. அதைவிட நல்லது, பாலிஷ் முடிந்ததும் தரை முழுக்க பிளாஸ்டிக் தாள் விரித்து, அதன்மேல் ஜிப்ஸம் கரைத்து ஊற்றி மூடிவிடுவது. பெயிண்டர் போனபின் பெயர்த்து எடுத்துக்கொள்ளலாம். மேலே சொன்ன வீட்டில் அதற்கு ஆகும் செலவுக்குத்தான் யோசித்தார்கள்.

பாலிஷ் போட வர்றவங்களே ஆசிட் பவுடர்தானே போடறாங்க? நாங்க போட்டா மட்டும் தப்பா?

இதை ஒரு ஆசிரியர் கேட்டார், நான் கொஞ்சம் திணறித்தான் போனேன். ஆமாம், கடைசிக் கட்டத்தில் நாங்கள் போடும் வெள்ளைப் பவுடரில் ஆக்ஸாலிக் ஆசிட் இருக்கும். வினிகர், கக்கூஸ் ஆசிட் போன்றவை கால்சியத்தோடு சேர்ந்து தண்ணீரில் கரைகிற பொருளாக மாறி ஓடிவிடும். ஆக்ஸாலிக் கால்சியத்தோடு சேர்ந்தால் கால்சியம் ஆக்ஸலேட் ஆகும், அது தண்ணீரில் ஏறக்குறையக் கரையாது. மெஷினின் அழுத்தத்திலும் சூட்டிலும் அது மேற்பரப்பிலேயே இறுகிப் பளபளப்புக்குத் துணை செய்கிறது.

அதற்காக அதை பக்கெட்டில் கரைத்து மாப் போட்டால் பளபளப்பு வராது, திட்டுத் திட்டாகத்தான் வரும். கீழே 3000 நம்பர் வரை தேய்த்த பரப்பு இருக்க வேண்டும், பவுடரும் தண்ணீரும் கொஞ்சமாக இருக்க வேண்டும், மெஷின் நிற்காமல் ஓட வேண்டும், முடிந்ததும் நன்றாகக் கழுவ வேண்டும். போதாததற்கு அது விஷம். குழந்தைகள் இருக்கும் வீட்டில் மிச்சப் பவுடரை வைத்துவிட்டுப் போகச் சொன்னால் நான் கொடுப்பதில்லை.

சீலர் அடிச்சா எலுமிச்சம்பழத்துக்குப் பயப்பட வேண்டாம்தானே?

பயப்பட வேண்டும். வழக்கமாக அடிக்கும் சீலர் கல்லின் துளைகளுக்குள் இறங்கி, எண்ணெயும் சாயமும் உள்ளே போவதை மெதுவாக்குகிறது. கறைக்குத்தான் அது காவல். மேல்தோல் திறந்தேதான் இருக்கிறது, அமிலம் அங்கேயே தன் வேலையைச் செய்துவிடும். வெளிர் கிரானைட் மேடைக்கு சீலர் நல்ல செலவு. மேடையில் ஒரு கரண்டித் தண்ணீர் விட்டுக் கால்மணி நேரம் கழித்துப் பாருங்கள். அந்த இடம் கறுத்திருந்தால் சீலர் தேவை, தண்ணீர் முத்தாக நின்றால் இப்போதைக்கு வேண்டாம்.

பாத்ரூம்லயும் மார்பிள் போட்டுட்டோம். கக்கூஸ் எப்படிக் கழுவறது?

போட்டது போட்டதுதான். கோப்பைக்குள் ஆசிட் கிளீனர் ஊற்றினால் பீங்கானுக்கு ஒன்றும் ஆகாது. கெடுதல் எல்லாம் வெளியே சொட்டும்போதுதான். கழுவுவதற்கு முன் கோப்பையைச் சுற்றித் தரையைத் தண்ணீரால் நனைத்துவிடுங்கள், சொட்டினாலும் நீர்த்துப்போகும். பாட்டிலைத் தரையில் வைக்காமல் ஒரு டப்பாவில் வையுங்கள், அதன் அடியில் வழிந்த வட்டம்தான் பாத்ரூமில் நான் அதிகம் பார்ப்பது. பிரஷ்ஷைக் கோப்பைக்குள்ளேயே அலசிவிட்டு எடுங்கள். தரைக்கு மூன்றாம் கேள்வியில் சொன்ன கலவைதான்.

இன்னொன்று, இது கல்லுக்காக இல்லை, உங்களுக்காக. ஆசிட் கிளீனரையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாகப் போடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும். மூடிய பாத்ரூமில் அது ஆளையே சாய்த்துவிடும்.

ஒரே ஒரு சின்ன வட்டம்தான் இருக்கு. அதுக்கும் உங்களையே கூப்பிடணுமா?

நகத்துக்குப் பள்ளம் தட்டுப்படவில்லை, மங்கல் மட்டும்தான் என்றால் நீங்களே செய்யலாம். மார்பிள் கடையில் டின் ஆக்ஸைடு பாலிஷ் பவுடர் கேளுங்கள். ஒரு டீஸ்பூன் பவுடரைச் சில சொட்டுத் தண்ணீரில் தயிர்ப் பதத்தில் குழைத்து, பழைய பருத்தி வேட்டித் துண்டை நான்காக மடித்து, வட்டத்தின் மேல் அழுத்திச் சுழற்றித் தேய்க்க வேண்டும். ஐந்து நிமிடம் விடாமல் தேய்த்துத் துடைத்து, டார்ச் அடித்துப் பாருங்கள். ஓரம் மங்கி நடுவில் பளபளப்பு திரும்ப ஆரம்பித்தால் சரியான வழியில் இருக்கிறீர்கள், இன்னும் இரண்டு மூன்று தடவை செய்யுங்கள். பவுடர் காய்ந்து வரளக் கூடாது, தண்ணீர் தெளித்துக்கொண்டே இருக்க வேண்டும்.

கால்மணி நேரம் தேய்த்தும் மாற்றமே இல்லை என்றால் அரிப்பு ஆழம், நிறுத்திவிடுங்கள். அதற்கு மேல் உப்புக் காகிதம் வாங்கித் தேய்க்க ஆரம்பித்தால் நாணய அளவு வட்டம் தட்டு அளவு ஆகும், பிறகு அந்தப் பலகை முழுவதையும் நான் தேய்க்க வேண்டிவரும். கூப்பிடும்போது வட்டத்தைக் காய்ந்த நிலையில், டார்ச்சைச் சாய்த்து வைத்துப் படமெடுத்து அனுப்புங்கள். ஈரத்தோடு எடுத்து அனுப்பினால் எனக்கு எல்லாமே புதுத் தரையாகத்தான் தெரியும்.